புகாரில் உள்ளது உள்ளபடி

"முன்விரோதத்தில் விவசாயியைக் கட்டையால் தாக்கிய தந்தை, மகன் மீது வழக்கு." இப்படி ஒரு தலைப்பு இல்லாத நாளிதழ் உள்பக்கத்தைப் பார்ப்பது அரிது. இதில் உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்றே ஒன்றுதான்: வழக்குப் பதிவாகியிருக்கிறது. தாக்கினார்கள் என்பதும், கட்டையால் என்பதும், காரணம் முன்விரோதம் என்பதும் ஒருவர் போலீசாரிடம் சொன்னவை. தலைப்பு எழுதியவரோ அருகில் நின்று பார்த்ததுபோல எழுதிவிட்டார். மறுநாள் அந்த மகன் வேலை பார்க்கும் கடையில் முதலாளி அதைப் படிக்கிறார். வழக்கு முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடையில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

முதல் தகவல் அறிக்கையை, அதாவது எப்.ஐ.ஆரை, சுருக்கி எழுத வேண்டிய தேவை நிருபர்களுக்கு மட்டும் உள்ளதல்ல. வழக்கறிஞரின் ஜூனியர் எழுதுகிறார். சங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் விளக்கம் கொடுக்கிறவர் எழுதுகிறார். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு "என்னதான் எழுதியிருக்கிறார்கள்?" என்று தங்கை படித்துச் சொல்கிறாள். எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான். நடந்ததாகச் சொல்லப்படுவதை வரிசையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது, புகார் கொடுத்தவரைப் பொய்யராகவும் காட்டிவிடக் கூடாது. இரண்டாவது தவறை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் அதுவும் முதலாவதைப் போலவே அநியாயம்.

முதலில் அந்தத் தாள் என்ன, அது எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவில் இருந்தது. பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றைப் பற்றி ஒருவர் வாய்மொழியாகத் தகவல் சொன்னால், அதை எழுத்தில் வடித்து, அவருக்கே படித்துக் காட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். நகல் ஒன்றை அவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அந்தத் தகவல் உண்மையா என்று விசாரித்து முடித்த பிறகுதான் பதிவு செய்வோம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது. தகவலைப் படித்தால் அப்படிப்பட்ட குற்றம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தத் தகவல் நம்பத்தக்கதா என்பது பதிவுக்கு நிபந்தனை அல்ல. புதிய சட்டம், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் ஒரு முதல்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. அதுவும் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

ஆகவே எப்.ஐ.ஆர். என்பது போலீஸ் கண்டுபிடித்த முடிவு அல்ல. போலீஸ் எங்கிருந்து தேடத் தொடங்கியது என்பதற்கான பதிவு அது. நீதிமன்றத்திலும் அதன் கதை தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. அதைக் கொடுத்தவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது, அவர் சொல்வதற்கு வலுச் சேர்க்கவோ, "அன்று வேறு மாதிரி சொன்னீர்களே" என்று முரண்பாட்டைக் காட்டவோதான் பொதுவாகப் பயன்படும். இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டாலே சுருக்கத்தின் பாதித் தவறுகள் விலகிவிடும்.

இனி ஓர் எப்.ஐ.ஆரை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் கட்டிய மாதிரி. ஆனால் இதன் நடையும் அமைப்பும் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அன்றாடம் எழுதப்படும் அடிதடி வழக்குகளுடையவை. படிவத்தின் 12-ஆம் கட்டத்தில், அல்லது அதோடு இணைத்த தாளில், வாக்குமூலம் இப்படி இருக்கிறது:

"நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து விவசாயம் செய்து வருகிறேன். எனக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்பு சம்பந்தமாக இரண்டு வருடமாக முன்விரோதம் இருந்து வருகிறது. நேற்று இரவு சுமார் 8.30 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவரும் அவரது மகனும் பெயர் தெரியாத மற்றொரு நபரும் முன்விரோதத்தை மனதில் வைத்துக்கொண்டு என்னைக் கொலை செய்யும் எண்ணத்துடன் வழிமறித்து, அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, மகன் கையில் வைத்திருந்த கட்டையால் என் இடது முழங்கைக்குக் கீழே அடித்து இரத்தக் காயம் ஏற்படுத்தி, நான் கீழே விழவே, மற்ற இருவரும் கால்களால் உதைத்தனர். நான் சத்தம் போடவே அக்கம்பக்கத்தினர் ஓடிவர, இனி உன்னை உயிரோடு விடமாட்டோம் என்று கொலை மிரட்டல் விடுத்துவிட்டுச் சென்றுவிட்டனர். நான் மயங்கிவிட்டேன். என் தம்பி என்னை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி இரவு 10 மணிக்கு அரசு மருத்துவமனையில் சேர்த்தார். என் இருசக்கர வாகனத்தையும் அவர்கள் அடித்து உடைத்ததாகப் பின்னர் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். நேற்று மதியமே மோட்டார் கொட்டகை அருகில் பக்கத்து வயல்காரர் என்னிடம் தண்ணீர் திறந்தது சம்பந்தமாக வாய்த்தகராறு செய்தார்."

இதைச் சுருக்க உட்காருகிறவர் பெரும்பாலும் நேராக இந்தக் கதைக்குள் போய்விடுகிறார். அப்படிப் போகக் கூடாது. முன்னால் இருக்கும் கட்டங்களை முதலில் படிக்க வேண்டும். 3-ஆம் கட்டத்தில் இரண்டு நேரங்கள் தனித்தனியாக இருக்கும்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரம், நிலையத்துக்குத் தகவல் கிடைத்த நேரம். கூடவே பொது நாட்குறிப்பில் பதிந்த எண்ணும் நேரமும் இருக்கும். 5-ஆம் கட்டத்தில் சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று இருக்கும். 7-இல் சந்தேகிக்கப்படும் நபர்கள். 8-இல் தாமதமாகப் புகார் கொடுத்ததற்குக் காரணம். கடைசியில் 15-ஆம் கட்டத்தில் எப்.ஐ.ஆர். நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும்.

நம் மாதிரியில் சம்பவம் ஞாயிறு இரவு 8.30. மருத்துவமனையிலிருந்து நிலையத்துக்குத் தகவல் போய், காவலர் வந்து வாக்குமூலம் வாங்கியது திங்கள் காலை 9.15. அவர் நிலையத்துக்குத் திரும்பிய பின் வழக்குப் பதிவானது காலை 11.00. இடையில் பதினான்கரை மணி நேரம். இதை ஒருவர் "தாமதமாகப் புகார் கொடுத்தார்" என்று எழுதினால், யோசித்துக் கதை கட்டினார் என்ற வாடை வந்துவிடும். வேறொருவர் "படுகாயத்தால் உடனே புகார் கொடுக்க முடியவில்லை" என்று எழுதினால், தாளில் இல்லாத நியாயத்தை அவரே சேர்த்ததாகும். மூன்று நேரங்களையும் மருத்துவமனையில் சேர்ந்த 10 மணியையும் வரிசையாக வைத்தால் போதும். தாமதம் என்ற சொல்லே வேண்டாம். 8-ஆம் கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதை அவர்கள் சொன்ன காரணமாக அப்படியே தரலாம்.

அடுத்தது கதையின் வரிசை. சொல்பவர் சொன்ன வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடிபட்டவர் முதலில் அடியைச் சொல்வார், கடைசியில்தான் மதியத்துச் சண்டை ஞாபகம் வரும். நம் மாதிரியில் கடைசி வரியில் வரும் மதியத் தகராறு கால வரிசையில் மேலே போக வேண்டும். இரண்டு வருட முன்விரோதம் அதற்கும் மேலே. ஆனால் மேலே கொண்டுபோகும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. "மதியம் தகராறு. இரவு தாக்குதல்" என்று அடுத்தடுத்து வைத்தாலே, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று படிப்பவர் மனம் முடிச்சுப் போட்டுவிடும். அந்த முடிச்சைப் புகார்தாரரே போட்டாரா என்று தாளில் பார்க்க வேண்டும். இங்கே அவர் மதியத் தகராறைக் காரணமாகச் சொல்லவில்லை. முன்விரோதத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார். எனவே சுருக்கத்தில், "அன்று மதியமும் ஒரு வாய்த்தகராறு நடந்ததாக வாக்குமூலத்தின் இறுதியில் சொல்கிறார்" என்று எழுதினால், வரிசையும் கெடாது, இல்லாத காரணமும் நுழையாது.

போலீஸ் தமிழின் நீண்ட வாக்கியம் இங்கேதான் நம்மைச் சிக்க வைக்கிறது. "வைத்துக்கொண்டு, வழிமறித்து, திட்டி, அடித்து, ஏற்படுத்தி, உதைத்தனர்" என்று வினையெச்சங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக் கடைசியில் ஒரு வினைமுற்றில் நிற்கும். படிக்கும்போது மூன்று பேருமே எல்லாவற்றையும் செய்ததுபோலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்: கட்டையால் அடித்ததாகச் சொல்லப்படுவது மகன் ஒருவர் மட்டும். உதைத்ததாகச் சொல்லப்படுவது மற்ற இருவர். வழிமறித்ததும் திட்டியதும் மூவரும் என்றுதான் வாக்கிய அமைப்பு காட்டுகிறது, ஆனால் யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று தனியாக இல்லை. மிரட்டலும் அப்படியே. சுருக்குகிறவர் ஒவ்வொரு எச்சத்தையும் தனி வாக்கியமாக முறித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் "யார்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லாத இடத்தில் "யார் என்று குறிப்பிடவில்லை" என்று எழுத வேண்டும். இதைச் செய்யாமல் "மூவரும் கட்டையால் சரமாரியாகத் தாக்கினர்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தாளில் ஓர் அடி, சுருக்கத்தில் சரமாரி. தகப்பனின் கையில் தாளில் கட்டையே இல்லை.

பிறகு, அந்த வாக்கியத்துக்குள் மூன்று வகையான அறிவு கலந்து கிடக்கிறது. வழிமறித்தது, அடித்தது, விழுந்தது ஆகியவை அவரே கண்டதாக, பட்டதாகச் சொல்பவை. வாகனத்தை உடைத்தது அவர் காணாதது. மயங்கிக் கிடந்தபோது நடந்ததாகத் தம்பி சொன்னது. "முன்விரோதத்தை மனதில் வைத்துக்கொண்டு", "கொலை செய்யும் எண்ணத்துடன்" என்பவை மூன்றாவது வகை. இன்னொருவர் மனதுக்குள் இருந்ததாக இவர் கருதுவது, அல்லது எழுதிய நிலைய எழுத்தர் வழக்கமாகச் சேர்ப்பது. இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் சுருக்கம் தவறிவிடும். முதல் வகையைச் சம்பவமாகவே எழுதலாம். இரண்டாவதில் தம்பியின் பெயரால் இடைவெளி விட வேண்டும். மூன்றாவதை நிகழ்ச்சி வரிசையிலிருந்து எடுத்து, கடைசியில் "இதற்கு முன்விரோதமே காரணம் என்றும், கொல்லும் எண்ணத்தோடு வந்தார்கள் என்றும் அவர் கூறியுள்ளார்" என்று தனியாக வைக்க வேண்டும். எண்ணம் என்பது நடந்த ஒன்று அல்ல. அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே வரிசையில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

போலீஸ் நடையில் வரும் வாய்ப்பாடுகளையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி", "கொலை மிரட்டல் விடுத்து" போன்றவை சட்டப் பிரிவின் நிழலில் பிறந்த தொடர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 296-ஆம் பிரிவின் ஆ உட்பிரிவும் 351-இன் மூன்றாம் உட்பிரிவும் போட வேண்டுமானால் இந்தச் சொற்கள் இருந்தாக வேண்டும். நம் மாதிரியில் மிரட்டலுக்கு உண்மைச் சொற்களும் பக்கத்திலேயே இருக்கின்றன: "இனி உன்னை உயிரோடு விடமாட்டோம்." சுருக்கத்தில் அந்தச் சொற்களைத்தான் எடுக்க வேண்டும், வாய்ப்பாட்டை விட்டுவிடலாம். அந்தச் சொற்கள் கொலை மிரட்டலா, ஆத்திரத்தில் வந்த பேச்சா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். திட்டியதற்குச் சொற்கள் தரப்படவில்லை. "திட்டியதாகக் கூறியுள்ளார், என்ன சொற்கள் என்று இல்லை" என்றால் முடிந்தது.

இப்போது பலரும் தடுமாறும் இடம்: ஒவ்வொரு வாக்கியத்திலும் "கூறப்படுகிறது" போட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. "வழிமறித்ததாகக் கூறப்படுகிறது. அடித்ததாகக் கூறப்படுகிறது. விழுந்ததாகக் கூறப்படுகிறது. மருத்துவமனையில் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதினால், நான்காவது வரியில் படிப்பவர் அந்த மனிதரை நம்ப மறுத்துவிடுவார். இத்தனைக்கும் யார் கூறுகிறார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஊரே பேசிக்கொள்கிறதா, போலீஸ் சொல்கிறதா என்று தெரியாது. "வந்தார்களாம், அடித்தார்களாம்" என்ற பேச்சுவழக்கு இன்னும் மோசம். தெருமுனையில் ஏளனத்தோடு சொல்லும் தொனி அதில் ஏறிவிடும். தொடக்கத்திலேயே, "மருத்துவமனையில் திங்கள் காலை புகார்தாரர் அளித்த வாக்குமூலத்தின்படி" என்று யார், எப்போது, எங்கே என்பதோடு ஒரு வரி வைத்துவிட்டால், அதன் நிழல் அந்தப் பத்தி முழுவதும் விழும். அதன் பிறகு சாதாரண வாக்கியங்கள் எழுதலாம். குற்றம் சாட்டும் இடம் வரும்போது மட்டும், அதாவது யார் யாரை அடித்தார் என்ற வரியில், "என்கிறார்" என்று மீண்டும் ஒருமுறை ஊன்ற வேண்டும். ஏனென்றால் அந்த வரியைத்தான் யாராவது தனியாகப் பிய்த்து எடுத்துப் பகிர்வார்கள்.

ஆட்களைச் சுட்டும் சொற்களிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் போலீஸ் ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்றே எழுதுவார்கள். நிலையத்துக்குள் அது பழகிப்போன வார்த்தை. வெளியே படிக்கிறவருக்கு அது பகைவன். "குற்றவாளி" என்பது தண்டனைத் தீர்ப்புக்குப் பிறகுதான் பொருந்தும். "பக்கத்து வயல்காரர்", "அவருடைய மகன்", "பெயர் தெரியாத மூன்றாவது நபர்" என்று உறவாலும் இடத்தாலும் சுட்டுவது சுருக்கத்தில் தெளிவாகவும் இருக்கும், தீர்ப்பும் சொல்லாது. மூன்றாவது நபர் "பெயர் தெரியாத" நபர்தானே தவிர "அடையாளம் தெரியாத" நபர் அல்ல. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்தால் காட்ட முடியும் என்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாளில் இருக்கும் சொல்லையே வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அடையாள அணிவகுப்பு நடந்தால் இந்த ஒரு சொல் பெரிதாகிவிடும். "சென்றுவிட்டனர்" என்று தாளில் இருப்பதைத் "தப்பி ஓடினர்", "தலைமறைவாகினர்" என்று மாற்றுவதும் அப்படித்தான். ஓடுகிறவனிடம் குற்ற உணர்வு இருப்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார். "சுமார்" என்ற சொல்லையும் விடக் கூடாது. சுமார் 8.30-ஐ 8.30 ஆக்கினால், பின்னர் ஒரு சாட்சி 8.45 என்று சொல்லும்போது முரண்பாடு இல்லாத இடத்தில் முரண்பாடு முளைக்கும்.

சட்டப் பிரிவுகளைச் சொல்ல வேண்டும், ஆனால் அவற்றைக் கதையோடு கலக்கக் கூடாது. பிரிவுகளைத் தேர்ந்தெடுத்தது புகார்தாரர் அல்ல. பதிவு செய்த அதிகாரி. இந்த மாதிரியில் ஆபத்தான கருவியால் காயம் ஏற்படுத்துவதற்கான 118-இன் முதல் உட்பிரிவு போடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் முழங்கை எலும்பு முறிவு தெரிந்தால், அது சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். பிரிவு இரண்டாம் உட்பிரிவாக மாறும், தண்டனையும் பல மடங்கு கூடும். மாற்ற அறிக்கை ஒன்று நீதிமன்றத்துக்குப் போகும். வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் மாறாமலே வழக்கு கனமாகிவிடும். மறுபுறம், "கொலை செய்யும் எண்ணத்துடன்" என்று கதையில் இருந்தும் கொலை முயற்சிக்கான 109-ஆம் பிரிவு போடப்படாமல் இருக்கலாம். அதைப் பார்த்து "போலீஸ் அமுக்கிவிட்டது" என்றும் எழுதக் கூடாது, "எண்ணம் இல்லை என்று போலீஸ் முடிவு செய்தது" என்றும் எழுதக் கூடாது. இன்ன பிரிவுகளில் பதிவானது என்ற ஒரு வரி போதும்.

இவ்வளவும் செய்த பிறகு நம் மாதிரியின் சுருக்கம் ஏறக்குறைய இப்படி வரும்:

"திங்கள் காலை 9.15 மணிக்கு அரசு மருத்துவமனையில் விவசாயி ஒருவர் அளித்த வாக்குமூலத்தின் பேரில், காலை 11 மணிக்கு வழக்குப் பதிவானது. வாக்குமூலத்தின்படி, அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்பு தொடர்பாக இரண்டு ஆண்டுகளாகப் பகை உண்டு. ஞாயிறு மதியம் மோட்டார் கொட்டகை அருகே தண்ணீர் திறந்தது பற்றி இருவருக்கும் வாய்த்தகராறு. அன்று இரவு சுமார் 8.30 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது பக்கத்து வயல்காரர், அவருடைய மகன், பெயர் தெரியாத ஒருவர் ஆகிய மூவர் தன்னை வழிமறித்துத் திட்டினர் என்றும், மகன் கட்டையால் தன் இடது முழங்கைக்குக் கீழே அடித்தார் என்றும், தான் விழுந்ததும் மற்ற இருவரும் உதைத்தனர் என்றும் அவர் கூறுகிறார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் வந்தபோது, 'இனி உன்னை உயிரோடு விடமாட்டோம்' என்று சொல்லிவிட்டு மூவரும் சென்றனர் என்கிறார்; சொன்னது யார் என்று தனியே இல்லை. பின் மயங்கிய அவரைத் தம்பி 108 ஆம்புலன்ஸில் இரவு 10 மணிக்கு மருத்துவமனையில் சேர்த்தார். தன் இருசக்கர வாகனம் உடைக்கப்பட்டதைத் தம்பி சொல்லி அறிந்ததாகக் கூறியுள்ளார். முன்விரோதமே காரணம் என்றும், கொல்லும் எண்ணத்தோடு வந்தார்கள் என்றும் அவர் கருதுகிறார். ஓடிவந்த அக்கம்பக்கத்தினரின் பெயர்கள் வாக்குமூலத்தில் இல்லை."

இதைப் படிக்கும் விவசாயியின் குடும்பம் "எங்கள் பேச்சைக் குறைத்துவிட்டார்கள்" என்று சொல்ல முடியாது. பக்கத்து வயல்காரரின் குடும்பம் "எங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்" என்றும் சொல்ல முடியாது. சுருக்கம் சரியா என்று பார்க்க நான் நம்பும் சோதனை இதுதான். இரு தரப்பும் தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை அதில் காணலாம், ஆனால் தாளில் இல்லாத ஒன்றைக் காணக் கூடாது.

இதே சம்பவத்துக்கு இன்னோர் எப்.ஐ.ஆர். இருப்பதும் நம் ஊர்களில் சாதாரணம். திங்கள் மாலை பக்கத்து வயல்காரர் நிலையத்துக்குப் போய், இரவு 8.30-க்கு இந்த விவசாயிதான் மண்வெட்டியோடு தன் வயலில் இறங்கினார், தடுத்த தன்னை வெட்ட வந்தார், மகன் அதைத் தடுத்தான் என்று புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கும் எதிர்வழக்கும் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். இதற்கென்று தமிழ்நாட்டுக் காவல் நிலையாணைகளில் தனி ஆணையே உண்டு. இரண்டையும் ஒருவரே விசாரித்து, முதலில் கைநீட்டியது யார் என்று கண்டறிய வேண்டும் என்பது அதன் சாரம். சுருக்குகிறவருக்கு அந்த வேலை இல்லை. இரண்டு தாள்களையும் பிசைந்து ஒரே கதையாக்கும் ஆசை வரும். "இரு தரப்பினரும் மோதிக்கொண்டனர்" என்ற அந்தப் பழைய வரி அப்படிப் பிறந்ததுதான். அது நடுநிலைபோலத் தோன்றினாலும், இருவருமே அடித்தார்கள் என்று யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கி, பிறகு ஒரே கடிகாரத்தில் அருகருகே வைப்பதே சரி. இடமும் நேரமும் இரண்டிலும் ஒத்துப்போகின்றன. மகன் அங்கே இருந்தார் என்பதும் இரண்டிலும் இருக்கிறது. மூன்றாவது நபர் ஒன்றில் மட்டும் இருக்கிறார். மண்வெட்டி மற்றதில் மட்டும். யார் யாரை மறித்தார் என்பதில் இரண்டும் எதிரெதிர். இதைச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். ஒத்துப்போகும் இடங்களைக்கூட "உறுதியானவை" என்று எழுதக் கூடாது. இரு தரப்பும் சொல்கிறது என்று மட்டும் எழுதலாம்.

பாலியல் குற்றம் தொடர்பான எப்.ஐ.ஆர். என்றால் இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே வரிசையை விடப் பெரிய கடமை, பாதிக்கப்பட்டவரை யாரும் கண்டுகொள்ள முடியாதபடி எழுதுவது. அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றங்களை அதிலிருந்து விலக்கி வைத்ததும் இதனால்தான். ஆனாலும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எப்.ஐ.ஆர். வெளியே வந்து, அவருடைய விவரங்களோடு பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. வெளியானதை மட்டும் நீதிமன்றம் கண்டிக்கவில்லை, அந்த எப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவர் மீது பழி போடும் தொனியில் இருந்ததையும் கண்டித்தது. தாளில் இருப்பதெல்லாம் புகார்தாரரின் சொற்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எழுதியவரின் பார்வையும் அதில் ஊறியிருக்கும். இப்படிப்பட்ட தாளில் பெயரை மட்டும் நீக்கினால் போதாது. கல்லூரி, துறை, ஆண்டு, விடுதி, கூட இருந்தவர், நேரம் எல்லாம் சேர்ந்தால் வகுப்புத் தோழர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அவர் ஏன் அங்கே போனார், யாரோடு இருந்தார் என்பவை குற்றச்சாட்டைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை: சுருக்கத்தின் தலையில் "இன்ன தேதியில் பதிவான முதல் தகவல் அறிக்கையின்படி மட்டும்" என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மருத்துவரின் விபத்துப் பதிவேட்டு நகல் அன்றே வந்திருக்கும். அதில் அடித்தவர்கள் இருவர் என்றும் இருக்கலாம், மூவர் என்றும் இருக்கலாம். சாட்சிகளின் வாக்குமூலங்கள் பின்னால் வரும். விசாரணை முடிந்ததும் 193-ஆம் பிரிவில் போலீஸ் இறுதி அறிக்கை தாக்கல் செய்யும். அதில் சில பெயர்கள் நீக்கப்பட்டிருக்கலாம், சில சேர்ந்திருக்கலாம், முழு வழக்கும் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று முடிந்தும் இருக்கலாம். அப்போது பழைய சுருக்கத்தைத் திருத்தி எழுதக் கூடாது. அது அந்தத் தேதியில் அந்தத் தாளில் இருந்ததற்குச் சாட்சி. புதிய ஆவணத்துக்குப் புதிய பத்தி, அதற்கும் அதன் தேதி, யார் சொன்னது என்ற வரி. எப்.ஐ.ஆர். பற்றி ஏற்கெனவே செய்தி போட்டவர்கள், அந்த இரண்டாவது பத்தியையும் அதே பக்கத்தில் அதே அளவில் போட வேண்டும்.